ஸ்டேஷன் வைஃபை பக்கத்தில் ஜிமெயில் பாஸ்வேர்ட் போட்டுவிட்டேன், உடனே என்ன செய்வது?

புதுவரவு: இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இன்னும் உள்ளூர் சிம் இல்லை. ஸ்டேஷனில் இலவச வைஃபை போட்டதும் ஒரு பக்கம் திறந்து கூகுளில் லாகின் செய்யச் சொன்னது. செய்தேன், திரும்பவும் அதே பக்கம்தான் வந்தது, நெட் வரவில்லை. விசா, வேலைக் கடிதம் எல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறது.

கடலோடி: முதலில் சிம் வாங்குங்கள் தம்பி. நான் வந்த புதிதில் சிம்முக்கு முகவரிச் சான்று கேட்டார்கள், வீட்டுக்குப் போன் நம்பர் கேட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடு இருக்கிறதே!

மணி_கே: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பயமில்லை. விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

நெட்வொர்க்_அக்கா: பூட்டு இருந்தால் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். அந்தப் பக்கமே திருடனுடையது என்றால் பத்திரமாக அவனிடமே போய்ச் சேரும். விபிஎன்னும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிய பிறகுதான் இணையும். புதுவரவு, மேலே என்ன முகவரி இருந்தது? ஓடிபி கேட்டதா?

தேன்மொழி: அசல் வைஃபையே பெயர், பிறந்த தேதி, மெயில் என்று குடைந்து எடுக்கிறது. இதில் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? எரிச்சலாக இருக்கிறது.

மணி_கே: வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்ட் போட்டுப் பாருங்கள், ஏற்றுக்கொண்டால் போலி.

புதுவரவு: accounts-google என்று ஆரம்பித்து இன்னும் ஏதோ நீளமாக இருந்தது. பழைய நம்பருக்கு வந்த ஓடிபியையும் கேட்டது, போட்டுவிட்டேன்.

நெட்வொர்க்_அக்கா: அப்படியென்றால் அது போலிதான். நீங்கள் அடித்ததை அவர்கள் அந்த நொடியே உண்மையான கூகுளில் போட்டு உள்ளே போயிருக்கலாம். அந்த வைஃபையை விட்டு வெளியே வந்து, நண்பர் போனின் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் போனை இணைத்துப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் கூகுள் கணக்கில் சாதனங்கள் பட்டியலைத் திறந்து தெரியாததையெல்லாம் வெளியேற்றுங்கள். ஜிமெயில் அமைப்பில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும், கணக்கில் மீட்பு எண்ணையும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள், பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் கடிதங்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். அதே பாஸ்வேர்ட் வேறு எங்கே இருந்தாலும் அங்கேயும் மாற்றுங்கள்.

மணி, தப்பான பாஸ்வேர்ட் சோதனையை நம்பாதீர்கள். முதல் முறை எதைப் போட்டாலும் தப்பு என்று சொல்லி மறுபடி கேட்கும் போலிகள் உண்டு. வைஃபை பெயரும் சாட்சி இல்லை, யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். 2024-ல் ஆஸ்திரேலியாவில் விமான நிலையங்களில் இப்படிப் போலி வைஃபை வைத்து மெயில், சமூக ஊடக லாகின்களைச் சேகரித்ததாக ஒருவர் மீது போலீஸ் வழக்குப் போட்டது.

தேன்மொழி, மெயில் முகவரி கேட்பது விளம்பரத்துக்காக இருக்கலாம், அதற்கு நீங்கள் முக்கியமான எதற்கும் பயன்படுத்தாத ஒரு மெயில் முகவரியைக் கொடுங்கள். ஆனால் உங்கள் மெயிலின் பாஸ்வேர்ட் வைஃபைக்காரருக்கு எதற்கு? கூகுள் லாகின் பக்கம் என்றால் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் accounts.google.com என்று மட்டும் இருக்க வேண்டும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருந்தாலே ஆள் வேறு.

தேன்மொழி: அந்தச் சின்ன ஜன்னலில் முகவரி முழுதாகத் தெரிவதே இல்லையே, அக்கா.

நெட்வொர்க்_அக்கா: சில போன்களில் தெரியாதுதான். தெரியாவிட்டால் பாஸ்வேர்ட் எதுவும் அடிக்காமல் மூடிவிடுங்கள்.

புதுவரவு: பட்டியலில் தெரியாத லேப்டாப் ஒன்று இருந்தது, நீக்கிவிட்டேன். ஃபார்வர்டிங் காலியாக இருக்கிறது. ஃபில்டரில் ஏதோ ஒன்று இருக்கிறது, நான் போட்ட நினைவில்லை.

நெட்வொர்க்_அக்கா: படம் எடுத்து வைத்துக்கொண்டு அதை அழியுங்கள். அப்புறம் அந்த ஃபில்டர் குப்பைத்தொட்டிக்குத் தள்ளிய மெயில்கள் ஏதும் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.