தோழி சொன்ன தவறான செய்தியைச் சண்டையில்லாமல் சரிசெய்வது எப்படி?

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஏலச்சீட்டு போடுகிறோம். நான் சீட்டை எடுத்த பிறகு தவணை கட்டாமல் இழுத்தடிப்பதாக என் தோழி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். இந்த மாதம் வரை கட்டியிருக்கிறேன். சீட்டு நடத்தும் அக்காவின் நோட்டில் வரவு இருக்கிறது. என் பெயரிலேயே இன்னொருவர் சீட்டில் இருக்கிறார், பாக்கி அவருடையது. தோழி அதில் குழம்பியிருக்கலாம், அதனால் அவளைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லை.

ஏலத்தன்று எல்லோர் முன்னாலும் நோட்டை விரித்தால் அவள் முகம் செத்துவிடும். அடுத்த சீட்டில் என்னைச் சேர்க்கத் தயங்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், "பேர் ஒண்ணா இருக்கறதால குழப்பமாயிருச்சுங்க்கா, நோட்டைப் பாருங்க" என்று தோழியை இழுக்காமல் சொல்லலாமா? இல்லை, முதலில் தோழியிடமே தனியாகச் சொல்லி, அவள் வாயாலேயே திருத்த விடுவதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.