149 ரூபாய் விநியோகக் கட்டணமும் அதன் பின் போன 4,999 ரூபாயும்

நெல்மணி:
எங்கள் வீட்டில் சென்ற மாதம் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதே வழியில் வேறு யாராவது பணம் இழந்திருந்தால் சொல்லுங்கள்.

என் மகள் அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாதத் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததிலிருந்து அவள் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். அதனால் வகுப்புத் தோழி ஒருத்தி வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த செய்தி அவளுக்குப் புதிதாகவே தோன்றவில்லை. காத்திருந்தது வந்துவிட்டது என்றே நினைத்தாள். இணைப்பைத் திறந்தால் முதலமைச்சர் படம், தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னம், கீழே ஒரு படிவம். பெயர், கல்லூரி, ஆண்டு, வீட்டு முகவரி எல்லாம் கேட்டுவிட்டு, "வாழ்த்துகள், நீங்கள் தகுதி பெற்றுள்ளீர்கள், வீட்டுக்கு அனுப்ப 149 ரூபாய் மட்டும் செலுத்தவும்" என்று வந்திருக்கிறது. தன் கணக்கில் பணம் இல்லாததால் அம்மாவின் கைப்பேசியை வாங்கி, அம்மாவையே ரகசிய எண்ணைப் போடச் சொல்லியிருக்கிறாள். 149 ரூபாய் போனது. எங்களிடம் சொல்லக்கூட இல்லை, மடிக்கணினி வந்ததும் காட்டலாம் என்று இருந்திருக்கிறாள்.

நான்காம் நாள் காலையில் அதே கணக்கிலிருந்து 4,999 ரூபாய் போயிருந்தது. அது பால் சங்கத்திலிருந்து வந்த பணம். யாரும் ரகசிய எண்ணைத் தொடவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எப்படிப் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கரிசல்காடு:
நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வங்கி விவரம் தெரிந்தவர்கள் பிறகு சொல்வார்கள். அந்த 149 ரூபாயைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதிலிருந்து பல ஆண்டுகள் என் கையால் கொடுத்திருக்கிறேன். தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கும். பெட்டிகள் லாரியில் பள்ளிக்கு வந்து இறங்கும். ஓர் அறையில் அடுக்கிப் பூட்டி வைப்போம். இரவுக் காவலர் இல்லாத காரணத்தால் ஆசிரியர்களே முறைவைத்துப் பள்ளியில் படுத்த நாட்களும் உண்டு, ஏனென்றால் ஒரு பெட்டி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். ஒவ்வொரு கணினியின் வரிசை எண்ணையும் மாணவரின் பெயருக்கு நேரே பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, விழா வைத்துக் கொடுப்போம். எந்த மாணவரும் விண்ணப்பம் போட்டதில்லை. பட்டியலைப் பள்ளிதான் அனுப்பும்.

ஆகவே கணினி கல்வி நிலையத்துக்கு வந்து, அங்கேயே மாணவர் கைக்குப் போகும் ஏற்பாட்டில், வீட்டு முகவரியைக் கேட்பதற்கே இடமில்லை. வீட்டுக்கு அனுப்புவது இல்லை என்றால் அனுப்பும் கட்டணம் எங்கிருந்து வரும்? தொகை பெரிதா சிறிதா என்று பார்ப்பதைவிட, முகவரியைக் கேட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

வைகறை:
ஐயா, நான் 2018இல் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் ஆண்டில் எனக்குக் கணினி கிடைக்கவே இல்லை. இப்போது எந்த இணையதளத்தில் பதிந்தால் அந்தப் பழைய பாக்கியைப் பெறலாம்? கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை.

கரிசல்காடு:
தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2019இல் உங்களைப் போன்ற பழைய மாணவர்கள் எங்கள் பள்ளி வாசலிலும் வந்து நின்றார்கள். கல்லூரியில் படிப்பதற்கான சான்றிதழைக் கொண்டுவந்தவர்களுக்கு நாங்கள் வழங்கவும் செய்தோம். ஆனால் அதையும் படித்த பள்ளிக்கு நேரில் வந்துதான் வாங்கிச் சென்றார்கள். உங்கள் பெயர் என்ன ஆயிற்று என்று பள்ளியின் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். "கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை" என்று மட்டும் தயவுசெய்து எங்கும் எழுதாதீர்கள். இந்தச் செய்திகளைப் பரப்புகிறவர்கள் தேடுவது உங்களைப் போல ஏமாற்றத்தோடு காத்திருப்பவர்களைத்தான்.

சங்குவளை:
சகோதரரே, கவலைப்படாதீர்கள். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் எழுதிக் கொடுத்தால் முழுப் பணத்தையும் வங்கி திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. என் மைத்துனருக்கு அப்படித்தான் கிடைத்தது.

முகப்புக்காரர்:
நான் வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். சங்குவளை அம்மா சொல்லும் விதி 2017இல் வந்த உண்மையான விதிதான், ஆனால் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. உங்கள் மைத்துனருடையது அந்த வகையாக இருந்திருக்கலாம். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்று கருதப்பட்டால், புகார் செய்த நேரம் வரையிலான இழப்பு அவரைச் சேர்ந்தது. புகாருக்குப் பின் போனால்தான் வங்கி பொறுப்பு. ஆகவே உடனே தெரிவிப்பது எப்படியும் அவசியம், முழுத் தொகையும் வந்துவிடும் என்று மட்டும் நம்பிக்கை கொடுக்க வேண்டாம்.

நெல்மணி ஐயா, ரகசிய எண் போடாமல் பணம் போனதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். அம்மா முதல் நாள் போட்ட ரகசிய எண் 149 ரூபாய்க்கு மட்டும் போட்டதாக இருக்காது. தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதிக்கும் சேர்த்துப் போட்டதாக இருக்கும். மின்கட்டணம், மாதச் சந்தா ஆகியவற்றுக்கு நாம் கொடுக்கும் அதே அனுமதிதான். ஒருமுறை கொடுத்துவிட்டால், பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்காமலே எடுக்க முடியும். அந்தத் திரையில் 149 என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் `Up to ₹4,999` என்றும், எத்தனை முறை என்ற இடத்தில் `As presented` என்றும் இருந்திருக்கும். அதாவது அவர்கள் கேட்கும்போதெல்லாம் அந்த அளவு வரை கொடுக்கலாம் என்று பொருள்.

உடனே இதைச் செய்யுங்கள். பணம் அனுப்பிய செயலியில் உங்கள் படத்தைத் தொட்டு உள்ளே போனால் `Autopay` என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே அந்த அனுமதி நடப்பில் இருந்தால் ரத்து செய்யுங்கள். அதற்கும் ரகசிய எண் கேட்கும், போடலாம். செயலியை நீக்குவதால் அனுமதி நீங்காது. பிறகு குறுஞ்செய்திகளைப் பாருங்கள். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வந்திருக்க வேண்டும்.

நெல்மணி:
ஐயா, நீங்கள் சொன்னபடியே இருந்தது. திரையில் நான் அறியாத ஒரு வணிக நிறுவனத்தின் பெயர், உச்சவரம்பு 4,999. இப்போதுதான் ரத்து செய்தேன். முன்னறிவிப்பும் வந்திருக்கிறது, பணம் போவதற்கு முந்தைய நாளே. ஆங்கிலத்தில் இருந்ததால் என் மனைவி அதை விளம்பரம் என்று விட்டுவிட்டார். அன்றைக்கே யாராவது படித்துச் சொல்லியிருந்தால் 149 ரூபாயோடு போயிருக்கும். இதை எழுதும்போதே மனம் வலிக்கிறது.

முகப்புக்காரர்:
அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள் ஐயா. என் முகப்பில் அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டச் சொல்லி வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள், பட்டதாரிகளும் வருகிறார்கள்.

இனி இணையப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அதற்கு முன் இரண்டு பரிமாற்றங்களின் 12 இலக்க எண்ணையும், தேதி, நேரம், தொகையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் இருந்தால் அதை முடக்கி வைக்க முயல்வார்கள். இந்த அனுமதி தனிநபர் கணக்குக்குப் போகாது, வணிகராகப் பதிவு செய்தவருக்குத்தான் போகும். ஆகவே அவரைச் சேர்த்துக்கொண்ட வங்கியோ கட்டண நிறுவனமோ நடுவில் இருக்கும். அது உங்களுக்குச் சற்றுச் சாதகமானது. ஆனால் நாட்கள் கடந்துவிட்டதால் பணம் அங்கேயே இருக்குமா என்பதற்கு நான் உறுதி தர முடியாது.

தாழைமடல்:
நான் பொறியியல் மாணவி. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பெயரில் "ஒரு மாணவர் ஒரு மடிக்கணினி" என்ற செய்தி எங்கள் குழுவிலும் சுற்றியது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அந்தக் கல்விக் குழுவே அறிவித்த பிறகும் அது நிற்கவில்லை. விடுதியில் ஒரு தோழி அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, நான் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்துகளைத் தட்டச் சொன்னேன். பதிவு எண்ணுக்கு ஒன்பது சுழியங்கள் போட்டோம். அப்போதும் "தகுதி பெற்றுள்ளீர்கள்" என்றே வந்தது. மீதம் 37 கணினிகள் என்று காட்டிய எண், பக்கத்தைப் புதிதாகத் திறந்ததும் மறுபடி பழைய எண்ணிலிருந்தே இறங்கத் தொடங்கியது. அடுத்து, பத்துக் குழுக்களுக்குப் பகிர்ந்தால்தான் பதிவு முடியும் என்றது. அண்ணா, உங்கள் மகளுக்கு அனுப்பிய அந்தத் தோழியும் இப்படித்தான் பகிர்ந்திருப்பாள், அவளைத் தவறாக நினைக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தின் முகவரியில் நடுவில் gov என்ற எழுத்துகள் இருந்தன, முடிவில் `.online` என்று இருந்தது. அரசின் தளம் என்றால், `https://` என்பதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் பொதுவாக `.gov.in` என்று முடியும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார்.

சங்குவளை:
முகப்புக்காரர் சொன்ன பிரிவு எனக்குத் தெரியாது, திருத்தியதற்கு நன்றி. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அந்த மாணவியின் கல்லூரியும் ஆண்டும் அறிந்து, சரியாக அந்த வகுப்புக் குழுவுக்கே செய்தி வந்திருக்கிறதே? கல்லூரியிலிருந்துதான் பட்டியல் வெளியே போயிருக்க வேண்டும்.

தாழைமடல்:
அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை அம்மா. பகிர்ந்துகொண்டே வந்தால் எந்தக் குழுவுக்கும் வந்து சேர்ந்துவிடும். எங்களில் பலர் கல்வி உதவித்தொகை என்று கண்ட படிவங்களிலும் விவரங்களை நிரப்பியிருக்கிறோம். எங்கிருந்து போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நெல்மணி:
1930இல் பேசினேன். தொகை சிறியது என்று தட்டிக்கழிக்கவில்லை; பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு புகார் எண்ணும் கொடுத்தார்கள். வங்கியிலும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டேன். இன்று அதே நிறுவனத்தின் பெயரில் இன்னொரு 4,999 ரூபாய் எடுக்க முயன்று, அனுமதி ரத்தானதால் முடியவில்லை என்று குறுஞ்செய்தி வந்தது. முதல் தொகை இன்னும் வரவில்லை.

மகள் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கரிசல்காடு ஐயா எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். நாளை கல்லூரி அலுவலகத்தில் பட்டியல் போயிருக்கிறதா, அதில் தன் பெயர் இருக்கிறதா என்று நேரில் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தோழியையும் உடன் அழைத்துப் போகிறாள், அவள் வீட்டிலும் 149 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் `Autopay` பகுதியைத் திறந்து பார்க்கச் சொல்லி இப்போதுதான் பேசி முடித்தேன்.