ஒரே ஹேமர்: அஞ்சு நிமிடச் சார்ட்டில ஒரு தீர்ப்பு, கிழமைச் சார்ட்டில இன்னொண்டு. ஏன்?

கல்லடி:
கொழும்புப் பங்குச் சந்தையில 20 ரூபா அளவில ஓடுற ஒரு பங்கைக் கொஞ்ச நாளாப் பார்த்துக்கொண்டு வாறன். பேர் வேணாம், பிறகு வாங்கச் சொன்னன் எண்டு ஆகிடும். செவ்வாய்க்கிழமை 11 மணி தாண்டி அஞ்சு நிமிடச் சார்ட்டில புத்தகத்தில கீறின மாதிரி ஒரு ஹேமர், அதாவது சுத்தியல் மாதிரிக் குட்டி உடம்பும் நீளமான கீழ்வாலும் உள்ள கேண்டில். 20.10இல திறந்து, 19.80 வரைக்கும் இறங்கி, 20.20இல மூடிச்சு. கீழ்வால் உடம்பைப் போல மூண்டு மடங்கு. எங்களோட பங்கு செய்யிற மூத்தவர் ஒராள் பார்த்துப்போட்டு, "இதுக்கெல்லாம் காசைப் போடாதீங்க தம்பி" எண்டார். ஆனா அதே பங்கில கிழமைச் சார்ட்டில ஹேமர் வந்த நேரம் அவரே ரெண்டு மூண்டு பேருக்குக் கூப்பிட்டுச் சொன்னவர். வடிவம் ஒண்டு, பங்கும் ஒண்டு. எடை மட்டும் ஏன் மாறுது? இப்படி ரெண்டையும் பார்த்தவங்க உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க.

ஏறாவூர்:
இதில யோசிக்க என்ன இருக்கு? பெரிய டைம்ஃப்ரேம் எப்பவும் சின்னதை வெல்லும். அஞ்சு நிமிடம் பொய், ஒரு மணித்தியாலம் பரவாயில்ல, நாள் நல்லம், கிழமை உண்மை. நான் கிழமைச் சார்ட்டைத் தவிர வேற ஒண்டும் திறக்கிறதில்ல.

அக்கரைப்பற்று:
ஏறாவூர்த் தம்பி சொல்லுறதில பாதி சரி. மிச்சப் பாதியைத்தான் கல்லடித் தம்பி கேக்கிறார்.

முதல்ல அந்தச் செவ்வாய்க்கிழமை ஹேமரைப் பிரிச்சுப் பார்ப்பம். தம்பி, உங்கட புரோக்கர் செயலியில அண்டைக்கு நடந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் வரிசையாக் கிடக்கும். அந்த அஞ்சு நிமிடத்தை மட்டும் எடுத்துப் போடுங்க, பேசுவம்.

கல்லடி:
எடுத்தன் நானா. 20.10இல 200 பங்கு. அடுத்ததா ஒரே நேரத்தில 20.00, 19.90, 19.80 எண்டு மூண்டு விலையில 500 500ஆ 1,500 பங்கு. கடைசியா 20.20இல 50 பங்கு. அவ்வளவுதான்.

அக்கரைப்பற்று:
அவ்வளவுதான் எண்டு நீங்களே சொல்லிட்டீங்க.

1,500 பங்கு வச்சிருந்த ஒராள் விலை பார்க்காம விக்கச் சொல்லியிருக்கார். வாங்க நிண்டவங்க வரிசையில ஒவ்வொரு படியிலயும் 500 பங்குதான் இருந்திச்சு, அதால அவர்ட ஓடர் மூண்டு படி இறங்கித்தான் நிறைஞ்சிருக்கு. உங்கட கீழ்வால் அதுதான். பிறகு யாரோ 50 பங்கு, அதாவது ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கு, விக்க நிண்டவர்ர விலையிலேயே வாங்கியிருக்கார். உடம்பு பச்சையானது அந்த ஆயிரம் ரூபாவால. முழுக் கேண்டிலுக்கும் சேர்த்து 35,000 ரூபாவும் வராது. "விற்பனையாளர் கீழே தள்ளினாங்க, வாங்குறவங்க திரும்பப் பிடிச்சாங்க" எண்டு ஹேமருக்கு ஒரு கதை சொல்லுவாங்களே, இதில தள்ளினவங்களும் இல்ல, பிடிச்சவங்களும் இல்ல. வாங்க நிண்டவங்கட விலைக்கும் விக்க நிண்டவர்ர விலைக்கும் நடுவில ஒருக்காத் துள்ளினது மட்டும்தான்.

எங்கட பக்கம் நெல்லு அறுவடை நேரம் அவசரக்காரன் ஒருத்தன் இரவோட இரவா ஒரு லொறியைக் குறைச்ச விலைக்குத் தள்ளினா, அதை அம்பாறை மாவட்டத்து நெல்லு விலை எண்டு யாரும் சொல்லமாட்டாங்க.

இப்பக் கிழமை. சந்தை காலை 9.30க்குத் திறந்து பின்னேரம் 2.30க்கு மூடுது. அஞ்சு மணித்தியாலம், ஒரு நாளைக்கு அஞ்சு நிமிடக் கேண்டிலுக்கு அறுபது இடம். போயா விடுமுறை ஒண்டும் வராத கிழமையில முந்நூறு. அந்த முந்நூறையும் ஒண்டாக்கினதுதான் உங்கட ஒரு கிழமைக் கேண்டில். அதில விலை 1.70 ரூபா இறங்கி ஏறியிருந்தா, பெரும்பாலும் 50 பங்குக்காரன் ஒருத்தனால அதைச் செய்ய ஏலாது. இறங்கின இரவு வீட்டில யோசிச்சு, அடுத்த நாள் காலையில ஓடர் போட்ட நிறையப் பேர் அதுக்குள்ள இருக்காங்க.

எங்கட சந்தையில 20 ரூபாப் பங்கு பத்துச் சதம் பத்துச் சதமாத்தான் நகரும். ஒரு படியே அரை வீதம். அஞ்சு நிமிடத்தில அந்தப் பங்கு வழமையா அசையிறதே ஒண்டு ரெண்டு படிக்குள்ளதான், அப்ப நீங்க வடிவம் எண்டு பார்க்கிறதில பெரும்பங்கு அந்தப் படியே கீறினது. கிழமையில பத்துப் பதினைஞ்சு படி அசையும். படி அதே பத்துச் சதம்தான், ஆனா கேண்டில் பெரிசானதால அதுக்குக் கீறுற பலம் போயிடுது.

காத்தான்குடி:
அப்ப நான் பிட்கொயின்ல அஞ்சு நிமிடம் பார்க்கிறது வீண்வேலையா? எனக்குக் கிழமைக் கேண்டில் எப்ப மூடுது எண்டே சரியாத் தெரியல்ல, ஞாயிறு இரவு பார்த்தா இன்னும் ஓடுது.

அக்கரைப்பற்று:
கேள்வி வேற, ஆனா இதுக்குப் பொருந்தும். பெரும்பாலான சார்ட்டில அது உலக நேரப்படி ஞாயிறு நள்ளிரவு மூடும். எங்களுக்குத் திங்கள் காலை 5.30. நீங்க இரவு பார்த்தது முடியாத கேண்டில்.

பிட்கொயின்ல பெரிய சந்தைகள்ல அஞ்சு நிமிடத்துக்குள்ள ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல் நடக்கும். அதால அங்க வாற அஞ்சு நிமிட ஹேமரை 50 பங்குக்காரன் கீறினான் எண்டு தள்ள ஏலாது. ஏறாவூர்த் தம்பிக்கும் இதுதான் பதில்: மணிக்கூட்டைப் பார்க்காதீங்க, கேண்டிலுக்குள்ள எத்தனை பேர்ர முடிவு இருக்கு எண்டு பாருங்க. கொழும்பில ஓட்டமில்லாத பங்கொண்டிட கிழமைக் கேண்டிலை விட அமெரிக்கச் சந்தையில ஒரு பெரிய பங்கிட அஞ்சு நிமிடக் கேண்டிலுக்குள்ள ஆள் கூடவா இருக்கும்.

ஏறாவூர்:
சரி நானா, ஒப்புக்கொள்ளுறன். ஆனாலும் எங்கட சந்தைக்குக் கிழமைதான்.

கல்முனை:
எங்கட சந்தைக்குக் கிழமை எண்டதுக்குப் பணக் கணக்கும் ஒண்டு இருக்கு, அதை ஒருத்தரும் எடுக்கல்ல. நான் கடைக்காரன், எனக்கு அதுதான் முதல்ல கண்ணில படும்.

கல்லடித் தம்பி அந்த ஹேமரை நம்பி 20.20க்கு வாங்கினா, ஸ்டொப்பை, அதாவது பிழைச்சா வித்துப்போட்டு வெளியேறுற விலையை, வாலுக்குக் கீழ 19.70இல வைப்பார். பிழைச்சா இழப்பு 50 சதம், ரெண்டரை வீதம். புரோக்கர் கட்டணமும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து சாதாரண வீதம் ஒரு பக்கத்துக்கு 1.12. வாங்கி வித்தா 2.24. அதாவது பிழைச்சா இழக்கிறதும், சரி வந்தாலும் கட்டுறதும் கிட்டத்தட்ட ஒரே தொகை. வெண்டாலும் தோத்தமாதிரித்தான்.

கிழமை ஹேமரிட கணக்கு என்ன தம்பி? இலக்கத்தைப் போடுங்க.

கல்லடி:
20.60இல திறந்திச்சு, கூடினது 20.80, குறைஞ்சது 18.90, வெள்ளி மூடினது 20.70. அதுக்கு முன்னுக்கு 26இல இருந்து கிழமை கிழமையா இறங்கி வந்த பங்கு.

கல்முனை:
20.70க்கு வாங்கி 18.80இல ஸ்டொப். இழப்பு 1.90, ஒம்பது வீதத்துக்குக் கொஞ்சம் மேல. கட்டணம் அதே 2.24தான், ஆனா இப்ப அது இழப்பில கால்வாசி. கட்டணத்தைச் சேர்க்காமப் பார்த்தா, ஒரு தடவைக்குப் பத்தாயிரம் ரூபாதான் இழக்கத் தயார் எண்டா 5,200 பங்கு வாங்கலாம், அதுக்கு மேல போகக் கூடாது. அஞ்சு நிமிடச் சார்ட்டில 50 சத இழப்புக்கு இருபதாயிரம் பங்கு வாங்கிப் பழகின கை கிழமைச் சார்ட்டுக்கு வந்தும் அதே இருபதாயிரத்தை வாங்கும். அது பிழைச்சா முப்பத்தெட்டாயிரம்.

ஆரையம்பதி டீச்சர்:
நான் வாங்கி விக்கிற ஆள் இல்ல, பங்கிலாபத்துக்காக வங்கிப் பங்கு வச்சிருக்கன். கிழமைச் சார்ட்டையும் கண்ணை மூடி நம்ப ஏலாது எண்டு சொல்லத்தான் எழுதுறன். ஒரு பங்கு செவ்வாய்க்கிழமை எக்ஸ்டி ஆகிச்சு, அண்டையில இருந்து வாங்குறவருக்கு அந்தப் பங்கிலாபம் கிடையாது. பங்குக்கு 1.50 பங்கிலாபம், அந்தளவுக்கு விலையும் காலையில இறங்கித் திறந்திச்சு. வெள்ளிக்கிடையில ஆக்கள் வாங்கித் திரும்ப மேல வந்திட்டு. சார்ட்டில பார்த்தா நீளமான வாலோட ஹேமர். விற்பனையாளர் தோத்த மாதிரி இருக்கு, ஆனா வாலில முக்கால்வாசி கம்பெனி கொடுத்த காசு. சார்ட் பங்கிலாபத்துக்குத் திருத்தினதா இல்லையா எண்டு பார்க்காம வடிவத்தைப் பார்க்கக் கூடாது.

அக்கரைப்பற்று:
நல்லாச் சொன்னீங்க டீச்சர். நான் கிழமை ஹேமர் கண்டா உடனே நாள் சார்ட்டுக்குப் போறதும் அதாலதான். கல்லடித் தம்பிட பங்கில செவ்வாயும் புதனும் ரெண்டு நாளும் 19க்குக் கிட்ட நல்ல வொலியூமோட கைமாறியிருந்தா எனக்கு அது பெறுமதி. திங்கள் காலை திறந்த உடனே ஒரு பிழையான ஓடரில 18.90 தொட்டுப்போட்டு, மிச்ச நேரமெல்லாம் 20.60க்கும் 20.80க்கும் இடையில நிண்டு 20.70இல மூடியிருந்தாலும் கிழமைக் கேண்டில் அச்சொட்டா அதே மாதிரித்தான் இருக்கும். திறந்தது, கூடினது, குறைஞ்சது, மூடினது எண்ட நாலு இலக்கத்தில விலை நடந்த பாதை இருக்காது.

கிழமையும் எப்பவும் முழுக்கிழமை இல்ல. சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில ரெண்டு மூண்டு நாள்தான் சந்தை நடக்கும். 2022 ஏப்ரல் 18 தொடக்கம் 22 வரைக்கும் முழுக்கிழமையும் மூடிக் கிடந்திச்சு, அந்த இடத்தில கேண்டிலே இல்ல. 2020இல கொரோனாவுக்கு மார்ச்சில மூடி மே 11தான் திறந்தாங்க. சார்ட் இதெல்லாத்தையும் இடைவெளி காட்டாம ஒட்டிக் கீறிடும். அஞ்சு நிமிடத்திலயும் அதே தொல்லை, இன்னும் கூட. கொடுக்கல் வாங்கல் இல்லாத அஞ்சு நிமிடத்துக்குக் கேண்டில் விழாது. பக்கத்தில பக்கத்தில நிக்கிற ரெண்டு கேண்டிலுக்கு நடுவில அரை மணித்தியாலம் போயிருக்கலாம். "அடுத்த கேண்டில் உறுதிப்படுத்திச்சு" எண்டு சொல்ல முதல் கீழ நேரத்தைப் பாருங்க.

கல்லடி:
அப்ப அஞ்சு நிமிட ஹேமரை ஒரேயடியா விட்டிடவா?

அக்கரைப்பற்று:
இல்ல. எங்க விழுது எண்டு பாருங்க. செவ்வாய்க்கிழமை விழுந்தது 20 ரூபாவில, மேலயும் கீழயும் ஒண்டுமில்லாத நடு இடத்தில. அதே வடிவம் 18.90க்குக் கிட்ட, வழமையைப் போல பல மடங்கு வொலியூமோட விழுந்தா நான் நிமிர்ந்து உக்காருவன். அங்க கிழமைச் சார்ட் ஏற்கனவே ஒரு இடத்தைக் காட்டி வச்சிருக்கு, அஞ்சு நிமிடம் அந்த இடத்தில எப்ப வாங்கலாம் எண்டு மட்டும் சொல்லுது.

கல்முனை:
நான் அப்பவும் வாங்கமாட்டன். கிழமை ஹேமர் வந்தா அடுத்த கிழமை 20.80க்கு மேல மூடுற வரைக்கும் காத்திருப்பன். வியாழன் பின்னேரம் ஹேமரா இருந்து வெள்ளி 2.30க்குள்ள வேற ஒண்டாப் போனதைக் கண்டிருக்கன்.

அக்கரைப்பற்று:
வெள்ளி மூடுற வரைக்கும் காத்திருக்கிறது சரி. அடுத்த வெள்ளியும் எண்டா சில நேரம் விலை 22க்குப் போயிடும், ஸ்டொப் அதே 18.80. இழப்பு 1.90 இல்ல, 3.20. உறுதி கூடுது, ஆனா அதுக்கு நீங்க விலை கட்டுறீங்க.

கல்முனை:
கட்டுறன். 5,200க்குப் பதிலா 3,100 பங்கு வாங்குவன்.

அக்கரைப்பற்று:
அப்படியெண்டா எனக்குச் சண்டை இல்ல. ஆனா நான் வெள்ளி மூடுற நேரமே பாதியை வாங்கிடுவன். கிழமை ஹேமர் ஒரு பங்கில வருசத்துக்கு ஒண்டு ரெண்டு வந்தாலே பெரிய விசயம். எங்க ரெண்டு பேர்ல யார்ர வழி நல்லம் எண்டு சொல்ல அத்தனை கொஞ்ச உதாரணம் காணாது.

காத்தான்குடி:
நானா, திங்கள் காலை 5.30 எண்டு சொன்னீங்க. என்ட செயலியில 5.30க்குப் பிறகும் அதே கேண்டில்தான் ஓடுது.

அக்கரைப்பற்று:
செயலிட நேர அமைப்பைப் பாருங்க தம்பி. உலக நேரமான UTC எண்டு இருக்கா, அமெரிக்க நேரம் மாதிரி அதுக்குப் பிந்தின நேரம் ஒண்டு இருக்கா? சில செயலி அதைப் பார்த்துத்தான் கிழமையை வெட்டும். வெட்டுற நேரம் மாறினா திறந்த விலையும் மூடின விலையும் மாறும், உங்கட ஹேமர் இன்னொருத்தர்ர சார்ட்டில ஹேமராவே இருக்காது.