பெகுவிலிருந்து வந்த கடிதம்: சான்றுக் கேள்வி விடை திருத்திய அனுபவங்கள்

காரைக்குடி, வரலாற்று ஆசிரியை:
பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். 1931-ல் பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு செட்டியார் வட்டிக்கடை ஏஜெண்டு தேவகோட்டை முதலாளிக்கு எழுதியது. நெல் விலை விழுந்துவிட்டது, வசூல் இல்லை, நிலத்தில் நமக்கு ஆசையில்லை, வேறு வழியில்லாமல்தான் கடனுக்கு ஈடாக எழுதி வாங்குகிறோம் என்கிறார். செட்டியார்கள் பர்மா நிலத்தை விரும்பி வாங்கினார்களா என்பதற்கு இதை எவ்வளவு நம்பலாம் என்பது கேள்வி. பெரும்பாலான விடைகள் இப்படித்தான் இருந்தன: "இதை ஏஜெண்டு 1931-ல் எழுதினார். முதலாளிக்கு நிலவரம் சொல்ல எழுதினார். அந்தக் காலத்தவர் என்பதால் நம்பலாம்." முதல் இரண்டு வரியும் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. மூன்றாவது எந்தப் பழைய கடிதத்துக்கும் பொருந்தும்.

தேவகோட்டை அன்பர்:
ஆனால் டீச்சர், இது சொந்தக் கடிதம். வங்கி விசாரணைக் குழு முன்னால் 1929-30-ல் சொன்ன சாட்சியம் என்றால் ஊருக்காகப் பேசியது எனலாம். முதலாளியிடம் எதற்குப் பொய்?

காரைக்குடி ஆசிரியை:
ஊருக்காகப் பேசவில்லை என்பது சரி, அண்ணே. ஆனால் ஏஜெண்டு சுமார் மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர். லாபத்தைப் பொறுத்துத்தான் அவருக்குப் பேரும் கிடைக்கும், பங்கும் கிடைக்கும். வசூல் நின்றால் பழியை விலைமீது போடுவது அவருக்கு வசதி. அதற்காக எல்லாவற்றையும் தள்ளவும் முடியாது. பர்மாவில் கடை வைத்தவர்கள் தேவகோட்டையிலேயே பலர் இருந்தார்கள், நெல் விலையைப் பொய்யாக எழுதினால் முதலாளிக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே விலைச் செய்தியை நம்பலாம், "ஆசையில்லை" என்பதை இந்தக் கடிதம் ஒன்றை மட்டும் வைத்து நம்ப முடியாது. திருத்தும்போது "ஆகவே இந்தக் கேள்விக்கு" என்று ஒரு வரி தொடங்குகிறதா என்று தேடுவேன். அது இல்லையென்றால் பிள்ளை இன்னும் விவரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்க ஐயா கொண்டுவிக்கப் போன காலத்துக் கடிதங்கள் பெட்டகத்தில் கட்டுக்கட்டாக இருக்கு. பூச்சி அரிக்குது. எப்படிப் பாதுகாக்கலாம்?

காரைக்குடி ஆசிரியை:
ஆச்சி, பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கும். கட்டைப் பிரிக்குமுன் எந்த வரிசையில் இருந்தது என்று எழுதி வையுங்க. யார் யாருக்கு எழுதினார்கள் என்பதை அந்த வரிசையை வைத்துத்தான் பல நேரம் கண்டுபிடிப்பார்கள்.

சிவகங்கை, ஓய்வு பெற்ற ஆசிரியர்:
ஒன்று சேர்க்கிறேன். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்குப் போன நிலம் 1930-ல் சுமார் 6 சதவீதம், அந்தப் பத்தாண்டு முடியுமுன் சுமார் 25 சதவீதம். என் மாணவி இதை எழுதிவிட்டு "ஆகவே கடிதம் உண்மை" என்று முடித்தாள். நிலம் கைமாறியது என்பதைத்தான் அந்தக் கணக்கு காட்டுகிறது, மனமில்லாமல் வாங்கினார்களா என்பதைக் காட்டவில்லை. அந்த வரிக்கு நான் மதிப்பெண் தரவில்லை.

தேவகோட்டை அன்பர்:
வெளித்தகவல் கொண்டுவந்து ஒப்பிட்டதற்கே பாதி தரலாமே சார்?

சிவகங்கை ஆசிரியர்:
எங்கள் பள்ளியில் இதில் இரண்டு பேர் ஒரே மாதிரி திருத்துவதில்லை.