முகப்பு நேராகவும் வேண்டும், பக்கச் சுவரும் தெரிய வேண்டும்: காட்சிக் குறிப்பை எப்படி எழுதுவது?

கேட்டவர்
தெருமுனையில் எழவிருக்கும் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்குக் கணினியில் உருவாக்கும் ரெண்டர் படம் தேவைப்படுகிறது. முகப்பு 12 மீட்டர், பக்கத்தெருவை ஒட்டிய சுவர் 18 மீட்டர், உயரம் 7 மீட்டர். ரெண்டர் செய்பவருக்கு, “முகப்பு சமச்சீராக, நேர்ப்பார்வையில் இருக்க வேண்டும், மூலையும் பக்கச் சுவரும் எடுப்பாகத் தெரிய வேண்டும்” என்று எழுதிக் கொடுத்தேன். வந்த படத்தில் முகப்பு தட்டையாக நிற்கிறது. பக்கச் சுவர் அட்டையை மடித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. பிழை அவருடையதா, என் வாசகத்துடையதா?

மறுமொழி 1
அரண்மனை, மண்டபம், அரசு அலுவலகம் போன்றவற்றுக்கு, பின்னோக்கிப் போகும் கோடுகள் ஒரே மறைபுள்ளியில் கூடும் ஒற்றைப்புள்ளிக் காட்சி, வீடு கடைகளுக்கு அவை இரண்டு மறைபுள்ளிகளில் கூடும் இரட்டைப்புள்ளிக் காட்சி என்பதே நான் பின்பற்றும் வழக்கம். ஆகவே “இரட்டைப்புள்ளி மூலைக் காட்சி” என்று மட்டும் எழுதினால் போதும்.

மறுமொழி 2
நகராட்சி அனுமதிக்கு என்றால் இவை இரண்டுமே ஏற்கப்பட மாட்டா. அளவுகள் மாறாத எலிவேஷன் வரைபடத்தைத்தான் கேட்பார்கள். என் வீட்டுக் கோப்பு இதனாலேயே ஒருமுறை திரும்பி வந்தது.

கேட்டவர்
அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது, ஐயா. இது கடைகளை வாடகைக்கு எடுக்க வருபவர்களிடம் காட்டுவதற்கான படம்.

மறுமொழி 3
பிழை வாசகத்தில்தான் இருக்கிறது. முகப்பின் நடுவில் நேர் எதிரே நிற்பவருக்குப் பெட்டி போன்ற கட்டடத்தின் பக்கச் சுவர்கள் இரண்டுமே முகப்புக்குப் பின்னால் மறைந்துவிடும். சமச்சீரையும் பக்கச் சுவரையும் ஒரே வாக்கியத்தில் கேட்டதால், அவர் இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டியிருக்கிறார். அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது புலப்படும்: முகப்பின் கூரைக் கோடு படத்தின் விளிம்புக்கு இணையாகப் போனால் அது ஒற்றைப்புள்ளி, முகப்பின் கோடும் பக்கச் சுவரின் கோடும் இரண்டு புறமும் சரிந்து இறங்கினால் அது இரட்டைப்புள்ளி.

முதல் மறுமொழியின் முடிவு இந்தக் கட்டடத்துக்குப் பொருந்துகிறது, காரணம் பொருந்தவில்லை. கட்டடத்தின் வகையை விட, ஆழம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதே முக்கியம். இராமேசுவரம் கோயிலின் பிரகாரத்தில் தூண்வரிசை நம் பார்வை போகும் திசையிலேயே ஓடுகிறது. தாஜ்மகாலின் முன்னால் நீர்வழி நடு அச்சில் நீள்கிறது. அங்கெல்லாம் ஒற்றைப்புள்ளி உயிரோடு இருக்கும். உங்கள் முகப்பின் முன்னால் அப்படி எதுவும் இல்லையென்றால் நேர்ப்பார்வை எலிவேஷன் போலவே தட்டையாகிவிடும்.

ஆனால் “மூலைக் காட்சி” என்று மட்டும் எழுதினால் ரெண்டர் செய்பவர் முகப்பின் நேர் எதிர்த் திசையிலிருந்து 45 பாகை விலகி நின்றுவிடக்கூடும். மூலையிலிருந்து 16 மீட்டர் தள்ளி, மூலையையே நோக்கி நிற்பதாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். 45 பாகையில், 18 மீட்டர் நீளமுள்ள பக்கச் சுவர் படத்தில் முகப்பை விட அகலமாக விழுகிறது; கடைகளின் முகப்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. 30 பாகையில், அதாவது முகப்புக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 14 மீட்டர் முன்னாலும் பக்கச் சுவர்க் கோட்டிலிருந்து 8 மீட்டர் வெளியிலும் நின்றால், முகப்புக்கு ஐந்து பங்கும் சுவருக்கு மூன்று பங்கும் கிடைக்கின்றன. ஆகவே இப்படி எழுதிப் பாருங்கள்:

“இரட்டைப்புள்ளி மூலைக் காட்சி. முகப்பு இடப்புறம், படத்தில் பெரும்பங்கு. பக்கச் சுவர் வலப்புறம், குறைவாக. கண்மட்டம் 1.6 மீட்டர். லென்ஸ் 35 மி.மீ. செங்குத்துக் கோடுகள் அனைத்தும் செங்குத்தாகவே இருக்க வேண்டும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இந்த இடத்திலிருந்து கூரை படத்தின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இடம் போதவில்லையென்று கேமராவை அண்ணாந்து திருப்பினால் சுவர்கள் மேலே குவியத் தொடங்கி மூன்றாவது மறைபுள்ளி வந்துவிடும். பிளெண்டரில் கேமராவின் லென்ஸ் அமைப்பிலுள்ள `Shift Y` மதிப்பைக் கொண்டு சட்டகத்தை மட்டும் உயர்த்தலாம். ஸ்கெட்ச்அப்பில் `Camera > Two-Point Perspective` செங்குத்துகளை நிமிர்த்திவிடும்.

மறுமொழி 4
மூன்று பக்கமும் அறைகள் சூழ்ந்து, முன்புறம் திறந்த முற்றம் கொண்ட பள்ளிக் கட்டடத்தை நான் வரைந்துகொண்டிருக்கிறேன். அதற்கும் மூலைக் காட்சிதானா?

மறுமொழி 3
இல்லை. உங்கள் பக்கச் சுவர்கள் பார்ப்பவரை நோக்கி நீண்டு வருகின்றன; முற்றத்தின் நடுவில் நின்றாலே இரண்டும் தெரியும். அங்கே சமச்சீரான ஒற்றைப்புள்ளிதான் பொருந்தும்.

கேட்டவர்
இன்று மனையில் அளந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் நிற்க முடிகிறது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் மூலைக்குச் சற்று முன்னால் ஒரு மின்மாற்றி நின்று, முதல் கடையின் வாசலை மறைக்கிறது. 20 பாகைக்கு நகர்ந்தால் அது விலகுகிறது.

மறுமொழி 3
20 பாகையில் முகப்பு பக்கச் சுவரைப் போல மூன்று மடங்காகும். பக்கத்தெருவில் கடை வாசல் இல்லையென்றால் தாராளமாக நகருங்கள்.

கேட்டவர்
அங்கும் ஒரு கடை இருக்கிறது, கடைசியில். அதன் பெயர்ப்பலகை எத்தனை பாகை வரை படிக்கும்படி இருக்கும் என்று இரண்டு கோணங்களிலும் சிறிய படம் கேட்டிருக்கிறேன்.