நீலத் தொட்டியில் டீ கப்பும் பார்சல் மிச்சமும் விழுகிறது, என்ன செய்யலாம்?

சித்தூர்க்காரன்: பாலக்காடு மாவட்டம், சித்தூர் பக்கம். கீழே ஆபீஸ், மேலே ஃபிளாட், எல்லாருக்கும் பொதுவான தொட்டிகள். பச்சை மக்குவது, நீலம் பிளாஸ்டிக், பேப்பர் என்று தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் எழுதி ஒட்டியாகிவிட்டது. ஆனாலும் நீலத்தில் டீ மிச்சத்தோடு பேப்பர் கப், குழம்பு ஒழுகும் பார்சல் கவர். கழிவு எடுக்க வரும் ஹரித கர்ம சேனா சேச்சிமார் கழுவிக் காய்ந்ததுதான் வேண்டும் என்று மூட்டையைத் திருப்பிவிட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை மணி: எழுத்து சின்னதாக இருக்கும் தம்பி. பெரிய போர்டு வையுங்கள், ஃபைன் என்று சிவப்பில் எழுதுங்கள்.

வாளையார் அக்கா: எங்கள் ஃபிளாட்டில் பச்சைத் தொட்டியில் புழு வருகிறது, அதற்கு என்ன போடலாம்?

ராஜி: அக்கா, அது வேறு கதை, காய்ந்த இலையோ மரத்தூளோ மேலே தூவிப் பாருங்கள். சித்தூர்க்காரரே, போர்டைப் பெரிதாக்கும் முன் நீல மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிப் பாருங்கள், எந்தப் பொருள் அதிகம் தப்பாக விழுகிறது என்று தெரியும். அந்த ஒன்றிரண்டு பொருளை மட்டும் படமாக ஒட்டினால் போதும், கையில் கப்போடு நிற்பவர் பத்து வரி படிக்க மாட்டார். படம் உங்கள் டீக்கடைக் கப்பின் போட்டோவாகவே இருக்கட்டும். மூடியில் ஒட்டாதீர்கள், திறந்ததும் மறைந்துவிடும், பின்சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். அப்புறம் ஒன்று, நீலம் தனியாக எங்காவது நிற்கிறதா?

சித்தூர்க்காரன்: லிஃப்ட் பக்கம் நீலம் மட்டும். பச்சை பின்வாசலில், நாற்றம் என்று தள்ளி வைத்தோம்.

ராஜி: அதுதான் கோளாறு. ஒற்றைத் தொட்டி என்றால் அதில் எல்லாம்தான் விழும், பச்சைக்காக யாரும் பின்வாசல் வரை நடக்க மாட்டார்கள். இரண்டையும் ஒட்டி வையுங்கள், இடம் இல்லையென்றால் லிஃப்ட் பக்கத்து நீலத்தை எடுத்தே விடுங்கள். டீ குடிக்கும் இடத்தில் மிச்சத்தை ஊற்ற ஒரு வாளி, பக்கத்தில் கப்பை ஒன்றுக்குள் ஒன்று அடுக்க ஒரு குழாய். பேப்பர் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, பச்சையிலும் போடக் கூடாது. நீலத்தின் மூடியைப் பூட்டி, பாட்டில் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டையும் பேப்பருக்கு நீள வெட்டும் போடுங்கள். பார்சல் பொட்டலம் அப்படியே நுழையாது, மிச்சத்தைப் பச்சையில் கொட்ட வேண்டி வரும்.

மணி: நுழையாவிட்டால் மூடி மேலேயே வைத்துவிட்டுப் போவான்.

ராஜி: சிலர் வைப்பார்கள், உண்மைதான். மேலே கிடந்தால் எடுப்பது சுலபம், உள்ளே கசிந்தால் மூட்டை முழுக்க நனைந்துவிடும்.

சித்தூர்க்காரன்: பச்சையை லிஃப்ட் பக்கம் கொண்டு வந்து, வாளியும் வைத்தாச்சு. பகலில் ஆபீஸ் கப் பிரச்சினை ஏறக்குறைய நின்றுவிட்டது, சேச்சிமாரும் மூட்டையை எடுத்தார்கள். ராத்திரி ஃபிளாட்டிலிருந்து கறுப்புக் கவரில் கட்டி வரும் டயப்பர் மட்டும் நிற்கவில்லை, அதைத் தொட்டி மேல் வைத்துவிட்டே போகிறார்கள். அதற்குத் தனித் தொட்டி வைத்தால் யார் எடுப்பார்கள்? யாராவது ஃபிளாட்டில் செய்து பார்த்தீர்களா?