ஓதம் ஏறிய சுவரும் வீட்டுக்கார ஆன்ட்டிக்கு இரண்டு முறை எழுதிய கடிதமும்

குடித்தனக்காரி:

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சரிவில் இருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறோம். மேலே வீட்டுக்கார ஆன்ட்டி, கீழே நாங்கள் மூன்று பேர். படுக்கையறைப் பின்சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே காரை மாவு மாதிரி உதிர்கிறது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்பலகை முழுக்கப் பூஞ்சை.

கோபத்தில் ஒரு போட்டோ எடுத்து, கூடவே ஒரு கடிதமும் எழுதி அனுப்பிவிட்டேன். 'வீடு முழுக்க ஈரம், குடியிருக்கவே முடியவில்லை, உங்கள் அலட்சியத்தால் என் மகனுக்கு இருமல், உடனே சரிசெய்யுங்கள்.' நாலே வரிதான். ஆன்ட்டியின் பதில் அதைவிடச் சின்னது: "ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை உள்ளே காயப்போடாதீர்கள்." போட்டோவைப் பார்த்தால் கொஞ்சம் கறுப்பு தெரிகிறது, அவ்வளவுதானாம். அதே போட்டோவை இங்கேயும் போட்டிருக்கிறேன்.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? கடிதத்தில் வேறு என்ன எழுதியிருக்க வேண்டும்?

கடலோரக் காற்று:

எங்கள் பிளாட்டில் குளியலறைக் கூரை முழுக்கக் கறுப்புப் புள்ளி. பிளீச் போட்டுத் துடைத்தேன், போயிற்று. மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. நீங்களும் பிளீச் போட்டுப் பாருங்கள். எது நல்ல பிராண்ட் என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும்.

கரணை:

முப்பது வருஷம் கட்டட வேலையில் இருந்தவன். தங்கச்சி, அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன். உங்கள் ஆன்ட்டியைக் குறை சொல்ல முடியாது. ஃபிளாஷ் போட்டு ஒரு அடி தூரத்தில் எடுத்திருக்கிறீர்கள். அது எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் என்ன இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. கறுப்பு மட்டும் தெரிந்தால் யாரும் ஜன்னலைத்தான் சொல்வார்கள்.

ஆனால் ஒரு மூலையில் கொஞ்சம் வெள்ளை தெரிகிறது. அது உப்பு பூத்ததா? நாக்கில் வைக்க வேண்டாம், விரலில் தேய்த்துப் பாருங்கள், பொடியாக உதிர்கிறதா என்று. மூச்சுக்காற்றும் துணி ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்தால் பூஞ்சை வரும், உப்பு பூக்காது. சுவருக்குள் ஊறிய தண்ணீர்தான் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, காய்ந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஈரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கடைசியாக எப்போது மழை பெய்தது? சுவருக்கு வெளிப்பக்கம் என்ன இருக்கிறது?

மாரிட்ஸ்பர்க் சித்தப்பா:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? வாடகையை நிறுத்திவிடுங்கள். இரண்டே மாதத்தில் ஆள் வந்து சரிசெய்வான். சட்டம் நம் பக்கம்.

பழைய வாடகைக்காரி:

சித்தப்பா சொல்வதில் பாதிதான் சரி. வீட்டைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, அதில் சந்தேகமில்லை. வாடகையை நிறுத்தினால் அந்த நிமிஷத்திலிருந்து பேச்சு சுவரைப் பற்றி இருக்காது, உங்கள் பாக்கியைப் பற்றித்தான் இருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி, புகார் விசாரணையில் இருக்கும்போது மூன்று மாதம் வரை வீட்டுக்காரர் உங்களை வெளியேற்ற முடியாது. அதே காலத்தில் நீங்களும் வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவரும் தேவையான பராமரிப்பைச் செய்ய வேண்டும். நான் போனபோது முதலில் கேட்டது ஒப்பந்தமும், வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலும்தான். நான் வாயால் பத்து தடவை சொல்லியிருந்தேன். எழுத்தில் ஒன்றுமே இல்லை.

குடித்தனக்காரி:

கரணை அண்ணா, பார்த்துவிட்டேன். உப்புதான், தொட்டால் உதிர்கிறது. ஈரம் தரையிலிருந்து 58 சென்டிமீட்டர் வரை, ஏறக்குறைய நேர்கோடாக இருக்கிறது. அதற்கு மேலே சுவர் சுத்தம். இது ஜூலை, மூன்று வாரமாக மழையே இல்லை.

வெளிப்பக்கம்தான் சுவாரசியம். நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. அங்கே ஆன்ட்டியின் தோட்டம். கறிவேப்பிலை, வெற்றிலைக் கொடி, புதினா. சுவரை ஒட்டியே மண் கொட்டியிருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். எங்கள் உள்தரையைவிட வெளி மண் 40 சென்டிமீட்டர் உயரம். தினமும் சாயந்திரம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறார்.

கரணை:

அப்படிச் சொல்லுங்கள். சுவரின் அடியில், தரையிலிருந்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்க ஒரு தடுப்பு விரித்திருப்பார்கள். வெளி மண் அதற்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மண் அதைத் தாண்டி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது, அதனால் தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். மண் இருக்கும் 40 வரை நேராக ஊறுகிறது, அங்கிருந்து செங்கல் இன்னும் கொஞ்சம் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. உங்கள் 58 கணக்கு ஒத்துப்போகிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். சமையலறை அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். டேப் பிடிக்கிற அளவுக்குக் காய்ந்த இடமாகப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் ஈரம் என்றால் ஆன்ட்டி சொன்னது சரி. குழாய் கசிவும் இல்லையென்று பார்த்துவிடுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுற்றினால் கசிவு.

போட்டோவைத் திரும்ப எடுங்கள். பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். முதலில் கதவும் தரையும் தெரிகிற மாதிரி முழுச் சுவர். அப்புறம் டேப்பை நிறுத்தி வைத்து ஒன்று. வெளியில் மண்ணும் சுவரும் சேர்ந்து ஒன்று. ஈரத்தின் மேல் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.

கடலோரக் காற்று:

அலுமினியத் தாள் எனக்கும் ஒட்டலாமா? கூரையில் ஒட்டினால் நிற்குமா?

குடித்தனக்காரி:

மீட்டர் சுற்றவில்லை. தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், அறைப் பக்கம் காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் வைத்துத் திரும்ப எழுதியிருக்கிறேன். ஆன்ட்டிக்கு நாலைந்து தமிழ் வார்த்தைகள்தான் தெரியும், கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் தருகிறேன்:

> அன்புள்ள ஆன்ட்டி,
>
> படுக்கையறைப் பின்சுவரைப் பற்றி எழுதுகிறேன். இத்துடன் நான்கு படங்கள் இருக்கின்றன.
>
> படம் 1: ஜூலை 20 காலையில் எடுத்த முழுச் சுவர். கதவுக்கு வலப்பக்கம் தொடங்கி மூலை வரை, சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஈரம். கதவுக்கு இடப்பக்கம் சுவர் காய்ந்திருக்கிறது. படம் 2: தரையிலிருந்து 58 செ.மீ. உயரம் வரை பெயின்ட் கிளம்பி, உப்பு பூத்திருக்கிறது. படம் 3: அதே சுவரின் வெளிப்பக்கம். தோட்ட மண் உள்தரையைவிட 40 செ.மீ. உயரத்தில் சுவரைத் தொட்டு நிற்கிறது. படம் 4: அலமாரியின் பின்பலகை.
>
> படம் எடுத்ததற்கு முன் மூன்று வாரம் மழை இல்லை. நீங்கள் சொன்னபடி ஜன்னல்களைத் திறந்து வைக்கிறோம், துணியை வெளியே காயப்போடுகிறோம். இரண்டு வாரத்தில் ஈரத்தின் உயரம் குறையவில்லை.
>
> கட்டட வேலை தெரிந்த ஒருவரை வைத்து வெளி மண்ணையும் சுவரையும் பார்க்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த 14 நாளுக்குள் எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள், வீட்டில் இருப்பேன். குடிவந்த அன்று நாம் இருவரும் கையெழுத்திட்ட பட்டியலில் இந்தச் சுவர் நல்ல நிலையில் என்று இருக்கிறது. அதனால் இது எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது. வாடகை வழக்கம்போல வரும்.

மகனின் இருமலை இதில் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா?

கரணை:

நல்லது. இருமலை விட்டதும் சரி. அது சுவரால் வந்தது என்று போட்டோவில் தெரியாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் தனியாக இணைக்கலாம். 'மண்ணை எடுங்கள்' என்று உத்தரவு போடாமல் 'பார்க்கச் சொல்லுங்கள்' என்று கேட்டது புத்திசாலித்தனம். அந்தக் கறிவேப்பிலை மரம் அவருக்கு யார் வைத்ததோ.

பழைய வாடகைக்காரி:

எனக்கு அந்த 'இருவருக்கும் நல்லது' கொஞ்சம் குழைவாகத் தெரிகிறது. ஆனால் மேலேயும் கீழேயும் குடியிருக்கிறவர்கள், தினமும் முகம் பார்க்க வேண்டும். சரி. அனுப்பிய தேதி தெரிகிற மாதிரி மெயிலிலும் அனுப்புங்கள், வாட்ஸ்அப் மட்டும் போதாது.

மாரிட்ஸ்பர்க் சித்தப்பா:

உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் முடிந்தது. என் கராஜில் அப்படித்தான் செய்தேன்.

கரணை:

அந்தக் கராஜ் சுவரை இப்போது கொஞ்சம் மேலே பாருங்கள், அண்ணே. உள்ளே அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் இன்னும் உயர ஏறும்.

குடித்தனக்காரி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கடிதம் போன ஆறாம் நாள் ஆன்ட்டியின் மகன் வந்தார். வெளிப்படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். மேலே இருப்பவர்கள் யாரும் தோட்டத்தையும் எங்கள் சுவரையும் சேர்த்து யோசித்ததே இல்லையாம். இரண்டு ஆள் வைத்து, சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண்ணை உள்தரைக்குக் கீழே வரை வெட்டி எடுத்து, சரளைக்கல் போட்டார்கள். புதினாவும் வெற்றிலையும் தொட்டிக்குப் போயின. கறிவேப்பிலை மரத்தை மட்டும் ஆன்ட்டி தொட விடவில்லை. அவர் மாமியார் நட்டதாம். மூலையில் அந்த மண் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரமே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார் மகன். அடிக்கலாமா?

கரணை:

வேண்டாம், பணம் தண்டம். செங்கல் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் காயும் என்பது எங்கள் கணக்கு. உங்களுடையது 220 சுவராக இருந்தால் எட்டு, ஒன்பது மாதம். அதற்குள் டர்பன் கோடையும் மழையும் வேறு வரும். உப்பேறிய காரையை ஈரத்துக்கு மேலே ஒரு முழம் வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைத் திறந்தபடி விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். பழைய காரையை வைத்துக்கொண்டு அடித்தால், புழுக்கமான நாளில் அந்த உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மறுபடி கறை காட்டும். அப்புறம் நீங்கள் ஓதம் திரும்பிவிட்டது என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

பழைய வாடகைக்காரி:

ஒன்பது மாதம் கொத்திய சுவரோடு எப்படித் தூங்குவது? அந்த அறைக்கு வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில்.

குடித்தனக்காரி:

அதைக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை, அக்கா. பென்சில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே ஈரம் இறங்கியிருக்கிறது. கறிவேப்பிலை மூலையில் கோடும் ஈரமும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

கடலோரக் காற்று:

தாள் கூரையில் நிற்கவில்லை, விழுந்துவிட்டது. யாராவது பிளீச் பெயர் சொல்லுங்கள்.